லீக் அட்டவணைக்கு ஒரே எண்: புள்ளி, கோல் வித்தியாசம், அடித்த கோல் மூன்றையும் சேர்ப்பது எப்படி?

கேள்வி: எக்செலில் கால்பந்து லீக் அட்டவணை போடுகிறேன். RANK கொடுத்தால் ஒரே புள்ளி எடுத்த அணிகளுக்கு ஒரே இடம் வந்துவிடுகிறது. புள்ளி, கோல் வித்தியாசம், அடித்த கோல் மூன்றையும் ஒரே எண்ணாக்கி அதற்கு RANK போடச் சொல்கிறார்கள். எதை எவ்வளவால் பெருக்குவது? கோல் வித்தியாசம் மைனஸில் போனால் குழம்பிவிடாதா?

பதில்:

புள்ளியைப் பத்து லட்சத்தால் பெருக்குங்கள், கோல் வித்தியாசத்தை ஆயிரத்தால் பெருக்குங்கள், அடித்த கோலை அப்படியே கூட்டுங்கள். மைனஸ் வந்தாலும் வரிசை மாறாது. ஏன் மாறாது என்பதையும், எந்த இடத்தில் இது உண்மையிலேயே காலை வாரும் என்பதையும் ஒரு நிஜ சீசனை வைத்துப் பார்க்கலாம்.

இங்கிலாந்தின் முதல் டிவிஷன், 1988-89. மொத்தம் 20 அணிகள். 1989 மே 26 அன்று லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் கடைசி ஆட்டம். எதிரணி ஆர்சனல். ஆட்டம் தொடங்கும்போது லிவர்பூலுக்கு 76 புள்ளி, அடித்தது 65, வாங்கியது 26, வித்தியாசம் +39. ஆர்சனலுக்கு 73 புள்ளி, அடித்தது 71, வாங்கியது 36, வித்தியாசம் +35. கூட்டு எண்ணாக்கினால் இப்படி:

```
லிவர்பூல்   76 039 065
ஆர்சனல்    73 035 071
```

எண்ணை மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்திருப்பதைக் கவனியுங்கள். இடப்பக்கம் புள்ளி, நடுவில் கோல் வித்தியாசம், வலப்பக்கம் அடித்த கோல். ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை. லட்சம், கோடி முறையில் காற்புள்ளி போட்டால் இந்த அறைச் சுவர்கள் மறைந்துபோகும். அதனால் அந்த நெடுவரிசைக்கு எக்செலின் Custom வடிவத்தில் `000 000 000` என்று கொடுத்துவிடுங்கள். முன்னால் ஒரு சைபர் கூடுதலாகத் தெரியும், பரவாயில்லை.

அன்று ஆர்சனல் 1-0 என்று வென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆர்சனல் 76 036 072, லிவர்பூல் 76 038 065. புள்ளி சமம், நடு அறையில் லிவர்பூல் இரண்டு முன்னால். கோப்பை லிவர்பூலுக்கு. ஆனால் கூடுதல் நேரத்தில் மைக்கேல் தாமஸ் அடித்த இரண்டாவது கோலால் ஆட்டம் 2-0 என்று முடிந்தது:

```
ஆர்சனல்    76 037 073
லிவர்பூல்   76 037 065
```

முதல் அறை சமம், நடு அறையும் சமம். கடைசி அறையில் 8 அதிகம், ஆர்சனல் சாம்பியன். விதிப்புத்தகம் மூன்று படிகளில் சொல்வதை RANK ஒரே ஒப்பீட்டில் செய்துவிடுகிறது.

இனி அட்டவணை. A-யில் அணி, B-யில் ஆடியது, C, D, E-யில் வெற்றி, சமன், தோல்வி, F-இல் அடித்த கோல், G-யில் வாங்கிய கோல் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரி தலைப்பு, அணிகள் 2 முதல் 21 வரை.

```
H2  =F2-G2
I2  =C2*3+D2
J2  =I2*1000000+H2*1000+F2
K2  =RANK(J2,$J$2:$J$21,0)
```

நான்கையும் 21-ஆம் வரி வரை இழுத்துவிடுங்கள். K-யில் உள்ள டாலர் குறிகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவை இல்லாவிட்டால் கீழே இழுக்க இழுக்க ஒப்பிடும் பகுதியும் கீழே நகர்ந்து, மேலே உள்ள அணிகள் கணக்கிலிருந்து நழுவிவிடும். அட்டவணை ஏற்கெனவே ஏறக்குறைய வரிசையில் இருந்தால், பார்க்கும் இடமெல்லாம் 1, 1, 1 என்று நிற்கும்.

எவ்வளவால் பெருக்குவது?

விதி ஒன்றுதான்: மேல் அறையில் ஏறும் ஒரே ஒரு புள்ளி, கீழ் அறைகளில் இருக்கக்கூடிய மிகப் பெரிய இடைவெளியையும் விழுங்க வேண்டும். பார்க்க வேண்டியது அணிகளுக்கு இடையே உள்ள இடைவெளியை, கோல்களின் மொத்த அளவை அல்ல.

அந்த 1988-89 சீசனில் அதிகம் அடித்தது ஆர்சனல், 73. குறைவாக அடித்தது நியூகாசில், 32. இடைவெளி 41. ஆகவே கோல் வித்தியாசத்தை 42-ஆல் பெருக்கினாலே அடித்த கோலால் அதைத் தாண்ட முடியாது. கோல் வித்தியாசம் மேலே +37, கீழே நியூகாசிலின் -31, இடைவெளி 68. புள்ளியின் பெருக்கம் 68 × 42 + 41, அதாவது 2,897-ஐ விட அதிகமாக இருந்தால் போதும். கறாராகப் பார்த்தால் 2,898, 42, 1 என்ற மூன்று எண்களே அந்த சீசனுக்குப் போதுமானவை. ஆனால் அடுத்த சீசனில் இதை மறுபடி கணக்குப் போட்டுக்கொண்டிருக்க யாராலும் முடியாது. ஆயிரமும் பத்து லட்சமும் வைத்தால் எந்த லீக்குக்கும் இடம் தாராளமாக இருக்கும், எண்ணைக் கண்ணாலேயே படிக்கலாம் என்பது கூடுதல் லாபம்.

சிறிய எண் வைத்தால் என்ன கெடும்? பலர் எழுதும் வடிவம் `=I2*10+H2`. அதே சீசனில் ஐந்தாவது இடம் டெர்பி: 58 புள்ளி, 40 அடித்து 38 வாங்கியது, வித்தியாசம் +2. ஆறாவது டாட்டன்ஹாம்: 57 புள்ளி, 60-46, வித்தியாசம் +14. பத்தால் பெருக்கினால் டெர்பிக்கு 582, டாட்டன்ஹாமுக்கு 584. ஒரு புள்ளி குறைவாக எடுத்த அணி மேலே ஏறிவிட்டது! அடித்த கோல் இதில் இல்லாததால் ஆர்சனலும் லிவர்பூலும் 797 என்று சமமாக நிற்கும், ஆனால் முதல் நான்கு அணிகளில் யாரும் இடம் மாறியிருக்க மாட்டார்கள், அதனால் இந்த இடமாற்றம் உடனே கண்ணில் படாது. இந்த வகைத் தவறு பெரும்பாலும் ஓரிரு புள்ளி இடைவெளியில் நிற்கும் பக்கத்துப் பக்கத்து அணிகளிடம்தான் ஒளிந்திருக்கும். சந்தேகம் வந்தால் அங்கே தேடுங்கள்.

பெருக்குவதற்குப் பதிலாக `=I2&H2&F2` என்று ஒட்டிவைப்பவர்களும் உண்டு. ஆர்சனலுக்கு 763773 என்று அழகாக வரும், அதனால் நம்பிவிடுவார்கள். டெர்பிக்கு 58240, டாட்டன்ஹாமுக்கு 571460. ஒன்று ஐந்து இலக்கம், மற்றது ஆறு இலக்கம். அதை எண்ணாக மாற்றி RANK போட்டால், நான்காவதாக முடித்த நார்விச்கூட (62 புள்ளி, +3, 48 கோல், ஆக 62348) டாட்டன்ஹாமுக்குக் கீழே போய்விடும். வித்தியாசம் மைனஸில் உள்ள அணிக்கு நடுவில் கோடு விழுந்து, அது எண்ணாகவே இராது. ஒட்டும் வழியை மறந்துவிடுங்கள்.

மைனஸ் விவகாரம்

உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, பார்வைக்கு அது தவறாகத்தான் தெரியும். அந்த சீசனில் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ், மில்வால் இரண்டுக்கும் 53 புள்ளி. முதல் அணி 43-37, வித்தியாசம் +6. மில்வால் 47-52, வித்தியாசம் -5.

```
ரேஞ்சர்ஸ்   53 006 043
மில்வால்    52 995 047
```

மில்வாலுக்கு 52 புள்ளி போலத் தெரிகிறது. உண்மையில் 53-இலிருந்து ஐந்தாயிரத்தைக் கழித்ததால் இடப்பக்க அறையில் கடன் வாங்கியிருக்கிறது, அவ்வளவுதான். 52 புள்ளி எடுத்த ஓர் அணி இந்த எண்ணைத் தொட வேண்டுமானால் அதற்குக் கோல் வித்தியாசம் +995 இருக்க வேண்டும். வரிசை பத்திரமாகவே இருக்கிறது.

எண்ணைப் படிக்கவும் வேண்டும் என்றால் வித்தியாசத்தோடு 500 கூட்டிவிடுங்கள்:

```
J2  =I2*1000000+(H2+500)*1000+F2
```

இப்போது ரேஞ்சர்ஸ் 53 506 043, மில்வால் 53 495 047. எல்லா அணிக்கும் ஒரே 500 கூடுவதால் வரிசையில் எந்த மாற்றமும் இல்லை. நடு அறையில் 500-க்கு மேல் என்றால் பிளஸ், கீழே என்றால் மைனஸ். நான் இதையே பரிந்துரைப்பேன், அட்டவணையை வேறொருவர் சரிபார்க்கும்போது விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

மைனஸால் வரும் நிஜமான தொல்லை வேறு. இணையத்திலிருந்து அட்டவணையை நகலெடுத்து ஒட்டும்போது, பல பக்கங்களில் -5 என்பதில் உள்ள கோடு விசைப்பலகையில் நாம் தட்டும் கோடு அல்ல. அச்சுக்கான நீளமான மைனஸ் குறி. எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும். செல்லில் எண் இடப்பக்கம் ஒட்டி நிற்கும், கூட்டு எண்ணில் `#VALUE!` வரும். அதுவும் கீழே உள்ள அணிகளுக்கு மட்டும். RANK தன் பகுதியில் ஒரு பிழை இருந்தாலும் எல்லா அணிக்கும் பிழை காட்டும், அதனால் முதல் இடத்து அணியின் செல்லில் போய்க் காரணம் தேடுவார்கள். கோல் வித்தியாசத்தை ஒருபோதும் ஒட்டாதீர்கள், F-இலிருந்து G-யைக் கழித்தே எடுங்கள். இந்தப் பிரச்சினையே வராது.

மூன்றும் சமமானால்

சீசன் தொடங்கும் முன் எல்லா அணிக்கும் எல்லாம் சைபர். இருபது அணிக்கும் கூட்டு எண் ஒன்றே, RANK இருபது பேருக்கும் 1 கொடுக்கும். அது தவறில்லை. ஆனால் வரிசைப்படுத்திய அட்டவணையைப் பக்கத்தில் எடுக்க இந்த பார்முலாவைப் போட்டிருப்பீர்கள்:

```
=INDEX($A$2:$A$21,MATCH(ROW(A1),$K$2:$K$21,0))
```

இது 1, 2, 3 என்று ஒவ்வோர் இடமாகத் தேடும். 2 என்ற இடமே இல்லாததால் இரண்டாம் வரியிலிருந்து கீழே எல்லாம் `#N/A`. சீசனின் நடுவில் இரண்டு அணிகள் முழுச் சமமானாலும் ஒரே ஒரு வரி மட்டும் இப்படி ஓட்டையாகும். இடங்கள் 7, 7, 9 என்று போய் 8 காணாமல்போகும். தீர்வு, K-யை மாற்றுவது:

```
K2  =RANK(J2,$J$2:$J$21,0)+COUNTIF($J$2:J2,J2)-1
```

COUNTIF-இல் முதல் J-க்கு மட்டும் டாலர், இரண்டாவதற்கு இல்லை. அது இந்த வரி வரை இதே எண் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணும். முதலில் வரும் அணிக்குச் சைபர் கூடும், அடுத்ததற்கு 1 கூடும். அணிகளை A-யில் அகரவரிசையில் எழுதிவைத்திருந்தால் சமமான அணிகள் அகரவரிசையில் வரும். இது அட்டவணை உடையாமல் இருக்கச் செய்த ஏற்பாடு மட்டுமே. தீர்ப்பு அல்ல. பட்டம் அல்லது வெளியேற்றம் அதில் தொங்கினால் போட்டி விதியைப் பார்க்க வேண்டும்.

அப்படித் தொங்கியது உண்டு. 2018 உலகக் கோப்பையின் H பிரிவில் ஜப்பானுக்கும் செனகலுக்கும் 4 புள்ளி, 4 கோல் அடித்து 4 வாங்கின, வித்தியாசம் சைபர். கூட்டு எண் இரண்டுக்கும் 4 000 004. தங்களுக்குள் ஆடியதும் 2-2. கடைசியில் மஞ்சள் அட்டை எண்ணி, 4 வாங்கிய ஜப்பான் 6 வாங்கிய செனகலைத் தாண்டி அடுத்த சுற்றுக்குப் போனது. நான்காவது அறை வேண்டுமானால் முழு எண்ணையும் இன்னொரு ஆயிரத்தால் பெருக்கி, அட்டைகளைக் கழித்துவிடலாம். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் நம்பகமாக வைத்திருக்கும். லீக் புள்ளிக்கு மூன்று, மீதி மூன்று அறைக்கு ஒன்பது, ஆக 12. இடம் இருக்கிறது.

COUNTIF சேர்த்த பிறகு ஒரு சோதனை செய்யலாம். இருபது அணியானால் `=SUM(K2:K21)` எப்போதும் 210 வர வேண்டும், வராவிட்டால் டாலர் குறி எங்கோ நழுவியிருக்கிறது. இன்னொன்று, `=SUM(H2:H21)` சைபர் வர வேண்டும். ஒருவர் அடித்தது இன்னொருவர் வாங்கியது என்பதால் லீக் முழுதும் கூட்டினால் மீதம் இருக்கக் கூடாது. சைபர் வராவிட்டால் பார்முலாவைக் குடையாதீர்கள், ஏதோ ஒரு ஆட்டத்தின் ஸ்கோரைத் தவறாகத் தட்டியிருக்கிறீர்கள்.

புள்ளி குறைப்பு இருக்கும் லீக்குக்கு அதற்குத் தனி நெடுவரிசை வைத்து I-யில் கழியுங்கள். மிடில்ஸ்பரோ 1996-97-இல் 42 புள்ளி எடுத்து, 3 கழிக்கப்பட்டு 39-இல் முடித்துப் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது. வெற்றி, சமன் எண்ணிக்கையைத் திருத்திப் புள்ளியைச் சரிக்கட்டினால் ஆடியது, தோற்றது எல்லாம் கோணலாகிவிடும்.

எங்கே இந்த வழி செல்லாது

ஸ்பெயினின் லா லிகாவுக்கு இதை அப்படியே போடாதீர்கள். அங்கே புள்ளி சமமானால் முதலில் பார்ப்பது அந்த அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை. 2006-07-இல் ரியல் மாட்ரிட், பார்சிலோனா இரண்டும் 76 புள்ளி. மாட்ரிட் 66-40, பார்சிலோனா 78-33. நம் கணக்கில் (500 கூட்டாமல்):

```
பார்சிலோனா   76 045 078
மாட்ரிட்      76 026 066
```

ஆனால் கோப்பை மாட்ரிட்டுக்கு. தங்களுக்குள் ஆடியதில் ஒன்று 2-0 என்று மாட்ரிட் வென்றது, மற்றது 3-3. கூட்டு எண்ணில் ஒரு அணியின் வரியில் உள்ள எண்கள் மட்டுமே போகும். நேருக்கு நேர் கணக்கோ யார் யாரோடு சமமாக நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து வாராவாரம் மாறும். அதற்கு ஆட்டங்களின் தாளில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரு அணிகளின் இப்போதைய புள்ளி சமமா என்று குறிக்கும் ஒரு நெடுவரிசை வைத்து, அந்தக் குறி உள்ள ஆட்டங்களிலிருந்து மட்டும் SUMIFS-ஆல் தனிப் புள்ளியும் தனி வித்தியாசமும் எடுத்து, அவற்றைப் புள்ளிக்கு அடுத்த அறைகளில் செருக வேண்டும். இரண்டு அணி சமமாகும்போது இது சரியாக வரும். மூன்று அணிகள் சமமாகி, அதில் ஒன்று பிரிந்து, மீதி இரண்டும் இன்னும் சமமாக நின்றால் விதியை மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டியிருக்கும். ஒரு பார்முலாவில் அதை அடைக்க முயலாமல் கையால் திருத்திவிடுவதே மேல்.

பழைய அட்டவணைகளைத் தயாரிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இங்கிலாந்து லீக்கில் கோல் வித்தியாசம் வந்தது 1976-77-இல். அதற்கு முன்பு அடித்ததை வாங்கியதால் வகுக்கும் கோல் சராசரி. 1988-89-க்கு அந்தப் பழைய விதியைப் போட்டால் ஆர்சனல் 73/36, சுமார் 2.03. லிவர்பூல் 65/28, சுமார் 2.32. சாம்பியன் மாறிவிடுகிறது.

உங்களிடம் எக்செல் 365 இருந்து, வரிசைப்படுத்திய பட்டியல் மட்டும் போதும் என்றால் கூட்டு எண்ணே வேண்டாம்:

```
=SORTBY(A2:I21,I2:I21,-1,H2:H21,-1,F2:F21,-1)
```

கூகுள் ஷீட்ஸில் `=SORT(A2:I21,9,FALSE,8,FALSE,6,FALSE)`. பெருக்க வேண்டாம், மைனஸ் பற்றி யோசிக்க வேண்டாம், சமமான அணிகளால் ஓட்டையும் விழாது. ஆனால் மூல அட்டவணையில் அணியின் பக்கத்திலேயே அதன் இடம் தெரிய வேண்டும் என்றாலோ, பழைய எக்செலில் திறக்க வேண்டியிருந்தாலோ J-யும் K-யும் தேவைப்படும்.